அர்த்தச்சேதம்: வீரசேனர் எண்ணிய மடக்கை

படிவம் 3இல் அடுக்கு விதிகள், படிவம் 4 கூடுதல் கணிதத்தில் மடக்கை. நம் ஜொகூர் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் இவற்றை மலாய்ப் பெயர்களில் 'இண்டெக்ஸ்', 'லோகரித்மா' என்றுதான் படிக்கிறார்கள். பயிற்சித்தாளைப் பார்த்தால் விதிகள் எல்லாம் மனப்பாடமாக இருக்கும். ஆனால் "ஒவ்வொரு படிக்கும் காரணம் எழுதுக" என்று கேட்டால் பாதிப்பேர் விதியின் பெயரையே திருப்பி எழுதி வைப்பார்கள். பெருக்கல் ஏன் கூட்டலாகிறது என்ற கேள்விக்கு "பெருக்கல் விதிப்படி" என்பது பதில் ஆகாது இல்லையா? அந்தக் காரணம் அகப்படும் ஓர் இடம் 1,200 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சமண நூலில் இருக்கிறது.

நூலின் பெயர் தவளா. புட்பதந்தர், பூதபலி என்ற இரு சமண முனிவர்கள் இயற்றிய சட்கண்டாகமம் என்ற ஆகம நூலுக்கு வீரசேனர் எழுதிய உரை இது. எழுதி முடித்த ஆண்டு கி.பி. 816. இராட்டிரகூடர் ஆட்சிக்காலம். பிராகிருதமும் சமஸ்கிருதமும் கலந்த நடை, நாம் மணிப்பிரவாளம் என்போமே, அந்த மாதிரி. கர்நாடகத்தின் மூடபித்ரி சமண மடத்தில் இதன் ஓலைச்சுவடிகள் பல நூற்றாண்டு காலம் காக்கப்பட்டன. ஹீராலால் ஜெயின் 1939 முதல் இதைப் பகுதி பகுதியாக அச்சிட்டார். 1942இல் வந்த நான்காம் பகுதியில், லக்னோ பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஏ.என். சிங், உரைக்குள் கிடந்த கணிதத்தைத் தனியே எடுத்து விளக்கி எழுதினார். அதற்குப் பிறகுதான் கணித வரலாற்றாசிரியர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

சமணர்களுக்கு மிகப் பெரிய எண்கள் தேவைப்பட்டன. உலகத்தின் அளவு, உயிர்களின் தொகை, காலத்தின் நீளம் எல்லாவற்றையும் எண்ணால் வகைப்படுத்த வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அவ்வளவு பெரிய எண்ணை எழுதிக் காட்ட முடியாது. அதனால் வீரசேனர் வேறொரு வழியைக் கையாண்டார். ஓர் எண்ணை 1 வரும்வரை எத்தனை முறை பாதியாக்கலாம் என்று எண்ணினார். அந்த எண்ணிக்கைக்கு 'அர்த்தச்சேதம்' என்று பெயர். அர்த்தம் என்றால் இங்கே பாதி, சேதம் என்றால் வெட்டு. பாதி வெட்டு!

8ஐப் பாதியாக்கினால் 4, பிறகு 2, பிறகு 1. மூன்று வெட்டு. ஆகவே 8இன் அர்த்தச்சேதம் 3. இன்றைய குறியீட்டில் இதுவே log₂ 8 = 3.

பயிற்சித்தாள் அச்சிடும் காகிதத்திலேயே இது இருக்கிறது. A0 தாளின் பரப்பளவு ஒரு சதுர மீட்டர். அதைப் பாதியாக வெட்டினால் A1, மறுபடி வெட்டினால் A2. A4 என்பது நான்கு முறை வெட்டியது. A0இலிருந்து 16 A4 தாள் கிடைக்கும், log₂ 16 = 4. தாளின் பெயரில் உள்ள எண் வெட்டின் எண்ணிக்கைதான். வகுப்பில் இதை வெட்டிக் காட்டிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினால் மாணவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

மடக்கையை இப்படி 'வெட்டு எண்ணிக்கை' என்று எடுத்துக்கொண்டால் விதிகளுக்குக் காரணம் தானாக வந்துவிடும். 8 × 16 என்ற பெருக்குத்தொகையை எடுத்துக்கொள்வோம். முதலில் 8 என்ற காரணியை மூன்று வெட்டில் 1 ஆக்கலாம். மீதம் 16. அதை நான்கு வெட்டில் 1 ஆக்கலாம். மொத்தம் ஏழு வெட்டு. அதனால்தான்

log₂ (mn) = log₂ m + log₂ n

எண்கள் பெருகுகின்றன, வெட்டுகள் கூடுகின்றன. இதையே அடுக்கு விதியாக எழுதினால் 2³ × 2⁴ = 2⁷. இரண்டும் ஒரே செய்திதான். ஒன்றில் இரண்டிரண்டாகப் பெருக்கி மேலே ஏறுகிறோம், மற்றதில் பாதியாக்கிக் கீழே இறங்குகிறோம். 2⁰ ஏன் 1 என்பதும் இதில் அடங்கிவிடும். 1 என்ற எண்ணுக்கு வெட்டே தேவையில்லை, எண்ணிக்கை பூச்சியம். பெருக்குத்தொகைக்கும் ஈவுக்குமான விதிகள் தவளாவிலேயே சொற்களில் சொல்லப்பட்டுள்ளன. குறியீடு மட்டும்தான் நம்முடையது.

மாணவர் அடிக்கடி செய்யும் பிழை ஒன்றையும் இங்கே சோதித்துவிடலாம். log₂ (m + n) என்பதை log₂ m + log₂ n என்று பிரித்துவிடுவார்கள். 8 + 8 = 16. பதினாறுக்கு நான்கு வெட்டுதான், ஆனால் பிரித்து எழுதினால் 3 + 3 = 6 வருகிறது. கூட்டலுக்குள் காரணி இல்லை, அதனால் வெட்டைத் தனித்தனியே எண்ண முடியாது. சிவப்பு மையால் அடித்துவிடுவதைவிட இந்த ஒரு வரிச் சோதனையை மாணவரையே செய்யச் சொல்வது நல்லது.

இனி தவளாவில் உள்ள ஒரு கணக்கைப் படிப்படியாகச் சுருக்கிப் பார்ப்போம். இன்றைய படிவம் 4 பயிற்சித்தாளில் அப்படியே வைக்கலாம், அந்த அளவுக்குப் பொருத்தமான கணக்கு. ஓர் எண்ணை அதே எண்ணின் அடுக்குக்கு உயர்த்தி, அதை வர்க்கமாக்கினால் (xˣ)² கிடைக்கும். இதன் மடக்கை என்ன? அந்த மடக்கையின் மடக்கை என்ன? மடக்கையின் மடக்கைக்கு வீரசேனர் 'வர்க்கசலாகை' என்று தனிப் பெயரே வைத்திருந்தார்.

முதல் படி:

log₂ (xˣ)² = 2 log₂ xˣ

காரணம்: வர்க்கம் என்றால் xˣ என்ற காரணி இரண்டு முறை வருகிறது. ஆகவே வெட்டும் இரு மடங்கு.

இரண்டாம் படி:

2 log₂ xˣ = 2x log₂ x

காரணம்: xˣ என்பதில் x என்ற காரணி x முறை வருகிறது. ஒவ்வொன்றுக்கும் log₂ x வெட்டு.

இப்போது கிடைத்த 2x log₂ x என்பதற்கு மறுபடியும் மடக்கை எடுக்க வேண்டும். மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான். 2x log₂ x என்பது மூன்று எண்களின் பெருக்குத்தொகை என்பதை முதலில் கண்டுகொள்ள வேண்டும்: 2, x, log₂ x. log₂ x என்பதும் ஓர் எண்தானே, ஏதோ ஒரு கட்டளை இல்லை! ஆகவே பெருக்கல் விதிப்படி,

log₂ (2x log₂ x) = log₂ 2 + log₂ x + log₂ (log₂ x)

2ஐ ஒரே வெட்டில் 1 ஆக்கலாம் என்பதால் log₂ 2 = 1. முடிவு:

log₂ log₂ (xˣ)² = 1 + log₂ x + log₂ log₂ x

தவளா தருகிற முடிவும் இதுவே. x = 4 என்று வைத்துச் சரிபார்ப்போம். 4⁴ = 256. அதன் வர்க்கம் 65536. அதைப் பாதியாக்கிக்கொண்டே போனால் 16 வெட்டு. 16க்கு 4 வெட்டு. இடப்பக்கம் 4. வலப்பக்கம் 1 + 2 + log₂ 2, அதாவது 1 + 2 + 1 = 4. சரியாக இருக்கிறது. கடைசி உறுப்பை (log₂ x)² என்று எழுதிய மாணவருக்கு 1 + 2 + 4 = 7 வரும், பிழை உடனே தெரிந்துவிடும். இன்னொன்று, log₂ log₂ x இருக்க வேண்டுமானால் log₂ x பூச்சியத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அதாவது x > 1. விடைத்தாளில் இந்த நிபந்தனையைப் பலர் எழுதுவதே இல்லை.

வீரசேனர் பாதியோடு நிற்கவில்லை. மூன்றில் ஒன்றாக, நான்கில் ஒன்றாக வெட்டுவதற்கும் தனித்தனிப் பெயர் வைத்தார். அடிமானம் 3, அடிமானம் 4 என்று நாம் சொல்வது அவைதான். 64ஐ நான்கில் ஒன்றாக வெட்டினால் 16, 4, 1. மூன்று வெட்டு. பாதியாக வெட்டினால் ஆறு. நான்கில் ஒன்றாக வெட்டும் ஒவ்வொரு வெட்டும் இரண்டு பாதி வெட்டுக்குச் சமம், அதனால் எண்ணிக்கை பாதியாகிறது: log₄ x = (log₂ x) ÷ 2. அடிமான மாற்று விதியின் காரணம் இவ்வளவுதான்.

இதை வைத்துக்கொண்டு "மடக்கையை நேப்பியருக்கு முன்பே நாம் கண்டுபிடித்துவிட்டோம்" என்று மேடையில் முழங்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 12ஐ வெட்டிப் பாருங்கள்: 6, 3, அப்புறம் நின்றுவிடும். 1இல் முடியும் எண்களுக்குத்தான் வெட்டை எண்ண முடியும். 1614இல் ஜான் நேப்பியர் வெளியிட்டது, பெருக்கலைக் கூட்டலாக மாற்றிக் கணக்கிட உதவும் அட்டவணை. 1617இல் ஹென்றி பிரிக்ஸ் 1 முதல் 1000 வரையிலான எண்களுக்கு 10ஐ அடிமானமாகக் கொண்டு 14 தசம இடங்கள் வரை கணித்து அச்சிட்டார். கணிப்பான் வருவதற்கு முன் நம் பள்ளிகளில் புழங்கிய நான்கு இலக்கச் சிஃபிர் புத்தகம் அந்த வழியில் வந்ததுதான். நேப்பியர் காலத்தில் x² என்று மேலே சிறிய எண் எழுதும் வழக்கம்கூட வேரூன்றவில்லை. 1637இல் டெக்கார்ட் எழுதிய நூலுக்குப் பிறகுதான் அது பரவியது. மடக்கை என்பது ஓர் அடுக்கே என்ற விளக்கத்தை 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் நிலைநிறுத்தினார். நம் பாடநூல் அடுக்கை முதலிலும் மடக்கையை அடுத்தும் வைத்திருக்கிறது, வரலாறு அந்த வரிசையில் நடக்கவில்லை.

அப்படியானால் 3க்கு எத்தனை வெட்டு? விதியே வழிகாட்டும். 3⁵ = 243, இது 2⁸ = 256ஐவிடச் சற்றுக் குறைவு. ஆகவே 5 log₂ 3 என்பது 8ஐவிடச் சற்றுக் குறைவு, log₂ 3 என்பது 1.6ஐவிடச் சற்றுக் குறைவு. கணிப்பான் 1.585 என்று காட்டும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே ஒரு வெட்டு எண்ணிக்கை!

எஸ்.பி.எம். பாணியில் ஒரு கேள்வி. log₂ 3 = p, log₂ 5 = q எனில் log₄ 45ஐ p, q வழியாக எழுதுக. 45 = 3² × 5, காரணம் பகாக் காரணிகளாகப் பிரித்தால்தான் p, q பயன்படும். log₂ 45 = 2p + q, காரணம் 3 என்ற காரணி இரண்டு முறையும் 5 ஒரு முறையும் வருகின்றன. log₄ 45 = (2p + q) ÷ 2, காரணம் 4 ஆல் வெட்டும் ஒவ்வொன்றும் இரண்டு பாதி வெட்டு. அடைப்புக்குறியை விட்டுவிட்டு 2p + q ÷ 2 என்று எழுதுவோர் உண்டு. p = 1.585, q = 2.322 என்று போட்டால் அவர்களுக்கு 4.331 வரும். 45 என்பது 4² = 16க்கும் 4³ = 64க்கும் இடையில் இருக்கிறது, ஆகவே விடை 2க்கும் 3க்கும் இடையில்தான் வர முடியும். சரியான விடை 2.746.