வேவர்லியின் செயலின்மை: ஒரு சுயவிமரிசனத்தை எவ்வாறு கொள்வது?

ஸர் வால்டர் ஸ்காட் 1814-இல் வெளியிட்ட 'வேவர்லி' நாவலின் நாயகன் கதையின் பெரும்பகுதியில் தானாக எதையும் செய்யாதிருத்தலை ஆசிரியரே குறையென ஒப்புக்கொண்டார் என்று கூறுவோர், 1817 ஜனவரி எனத் தேதியிட்ட 'குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழில் அவர் பெயரின்றி எழுதிய மதிப்புரையையே பிரதான சாட்சியமாகக் காட்டுவர். அம்மதிப்புரை, தம் நாயகர்கள் செயல்படுவோரல்லர், சந்தர்ப்பங்களால் இயக்கப்படுவோரே என்று கூறி, ஸ்காத்லாந்து அந்நிய தேசமாயிருப்பவனை நாயகனாக்கி, அவன் வாயிலாக வாசகருக்கு அதனைக் காட்ட நேர்ந்ததே அதன் காரணம் என்கிறது.

இவ்விளக்கம் நாவலின் முற்பகுதிக்கே பொருந்தும் என்பது என் கருத்து. மலைநாட்டிற்குள் புகுந்தவனுக்கு வழிகாட்டி தேவை; ஆனால் கொள்ளைத் தலைவன் டொனால்ட் பீன் லீனின் குகையில் வேவர்லியின் முத்திரை களவு போகவேண்டிய அவசியம் என்ன? அம்முத்திரையிட்ட பொய்க் கடிதங்களால் அவன் படைப்பிரிவு வீரர்கள் கலகத்திற்குத் தூண்டப்படுகின்றனர், தளபதி கார்டினரின் கடிதங்களோ அவனை எட்டாமல் மறிக்கப்படுகின்றன, அவன் பதவி இழக்கிறான், பின்பு கைதாகிறான், மலைநாட்டாரால் மீட்கப்படுகிறான். ஹோலிரூட் அரண்மனையில் இளவரசன் சார்லஸ் முன் மண்டியிடும்போது, அவன் திரும்பிச் செல்வதற்கு வழியே எஞ்சியிருக்கவில்லை. ஊரைச் சுற்றிக் காட்டுவதற்கு இத்தனை சூழ்ச்சி வேண்டியதில்லை. அரசனின் ஆணை பெற்ற அதிகாரி ஒருவன் தன்னிச்சையாகக் கலகக்காரரோடு சேர்ந்தானாயின், 1745-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஒடுங்கியபின் அவனுக்கு மன்னிப்பு கிட்டியது என்பதை வாசகர் நம்பமாட்டார். ஆகவே ஆசிரியர் அவன் விருப்பத்தைச் சிறிது சிறிதாகக் குற்றத்திலிருந்து பிரித்தெடுக்கிறார். பிரெஸ்டன்பான்ஸ் போரில் அவன் தானாகச் செய்யும் சிறந்த செயல், எதிரிப் படையினனான டால்பட்டின் உயிரைக் காப்பதேயாம். மன்னிப்பும் அந்த டால்பட்டின் முயற்சியாலேயே வருகிறது.

இச்செயலின்மை விலையின்றி விடப்படவுமில்லை. போருக்கு முன்னர், அவன் குடும்ப நிலத்தைச் சேர்ந்தவனும் அவனை நம்பிப் படைக்கு வந்தவனுமான ஹௌட்டன், பதவி தாழ்த்தப்பட்ட நிலையில் ஒரு குடிசையில் குற்றுயிராய்க் கிடப்பதை அவன் காண்கிறான். பொய்க் கடிதங்களை அவன் எழுதவில்லை என்பது உண்மையே. ஆயினும் படையை விட்டு விருந்தினனாய் மலைநாட்டில் தங்கியது அவனேயன்றோ? இவ்விடத்தை மதிப்புரை கவனிக்கவில்லை. அதனைப் பின்பற்றுவோரும் பெரும்பாலும் கவனிக்கவில்லை.

நாயகன் சுவையற்றவன் என்னும் ஆட்சேபம் ரசனையைப் பற்றியது, அமைப்பைப் பற்றியதன்று. நண்பர் மாரிட்டுக்கு எழுதிய கடிதத்தில் ஸ்காட்டே அவனை எள்ளியதையும் இதற்குமேல் பொருட்படுத்த வேண்டியதில்லை.

குறை உண்டெனின் அது முடிவிலேயே உளது. கார்லைலில் மலைநாட்டுத் தலைவன் பெர்கஸ் மரணதண்டனை அடைந்தபின், அவனும் வேவர்லியும் மலைநாட்டு உடையில் நிற்கும் ஓவியம் டல்லி-வியோலன் மாளிகைச் சுவரை அலங்கரிக்கிறது. பொறுப்பின் நிழல் அதில் விழவில்லை. ஸ்காட்டைக் குற்றஞ்சாட்ட விரும்புவோர் நாயகனின் செயலின்மையை விடுத்து, இவ்வோவியத்தைச் சுட்டுவதே நியாயமாகும்.