ஓரத்தில் நின்றவர்கள்

1926இல் லெனின்கிராடில் எடுக்கப்பட்ட படமொன்றில் அந்திப்போவ், ஸ்டாலின், கீரோவ், ஷ்வெர்னிக் ஆகிய நால்வர் உள்ளனர். களையெடுப்பில் அந்திப்போவ் வீழ்ந்தபின் வந்த பதிப்பில் மூவரே எஞ்சினர். பின்னர் ஷ்வெர்னிக்கும் நீக்கப்பட, நடுவிலிருந்த இருவர் மட்டும் நின்றனர்.

இருவரும் ஓரத்தில் நின்றதால் சட்டகத்தைக் குறுக்குவது எளிதாயிற்று. மிஞ்சிய சுவடுகளைத் தூரிகை மறைத்தது. 1976இல் மாவோவின் இரங்கல் கூட்டப் படத்திலிருந்து 'நால்வர் குழு' அழிக்கப்பட்டபோது வரிசையில் வெற்றிடம் தெரிந்தது. குறுகிய சட்டகத்திலோ வெற்றிடமே இல்லை. ஒற்றைப் படியை மட்டும் காண்பவருக்கு ஐயம் எழாது. டேவிட் கிங் திரட்டியதுபோல வெவ்வேறு ஆண்டுகளின் பதிப்புகளை அருகருகே வைத்தால்தான் உண்மை புலப்படும்.

ஆயினும் நீக்கத்தைத் தண்டனைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. ஷ்வெர்னிக் தண்டிக்கப்படவில்லை, 1946 முதல் 1953 வரை சோவியத் அரசின் தலைவராகவே இருந்தார்.