உங்கள் ஆபீஸ் வீடியோ எல்லோருக்கும் புரிகிறதா? கான்ட்ராஸ்ட், கேப்ஷன், காட்சி விவரணை: செய்வது எப்படி?

வருமான வரிக்கான முதலீட்டு ஆதாரங்களை கம்பெனி போர்ட்டலில் எப்படி ஏற்றுவது என்று விளக்கும் இரண்டு நிமிட வீடியோ ஒன்றை நீங்கள் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். கடைசி ஸ்லைடில் 'ஜனவரி 15-க்குள் சமர்ப்பிக்கவும்' என்று எழுத்து மட்டும் வருகிறது, பின்னால் இசை ஓடுகிறது. பார்வையற்ற சக ஊழியருக்கு அந்தத் தேதி போய்ச் சேரவே இல்லை. பிப்ரவரி சம்பளத்தில் கூடுதல் டிடிஎஸ் பிடித்த பிறகுதான் அவருக்குத் தெரியவரும்.

ஆகவே எடிட்டிங்கில் அல்ல, ஸ்கிரிப்டிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

'இங்க க்ளிக் பண்ணுங்க' என்றால் எங்கே?

ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்யும்போது நாம் வழக்கமாகப் பேசுவது இப்படித்தான்: "இங்க க்ளிக் பண்ணுங்க. இப்போ இப்படி ஒண்ணு வரும். சிவப்புல இருக்கறத சரி பண்ணிட்டு அனுப்பிடுங்க." கண்ணை மூடிக்கொண்டு இதைக் கேட்டுப் பாருங்கள், ஒன்றும் விளங்காது.

இதையே மாற்றிப் பேசலாம்: "மெனுவில் 'வரி' என்ற பட்டனை க்ளிக் பண்ணுங்க. மூணு கட்டம் உள்ள ஃபார்ம் திறக்கும்: வாடகை, இன்ஷூரன்ஸ், பி.எஃப். ஏதாவது விட்டுப்போனா அந்தக் கட்டத்துக்குக் கீழே 'தொகை தேவை'ன்னு சிவப்பு எழுத்தில் வரும்." கூடுதலாகச் சில விநாடிகள்தான் ஆகும்.

இதில் பட்டனின் பெயர்தான் முக்கியம். ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவருக்கு 'வலது மூலை' என்பது அதிகம் உதவாது. அந்த மென்பொருள் பட்டனைப் பெயர் சொல்லித்தான் வாசிக்கும். சிவப்பை மட்டும் அடையாளமாகச் சொன்னால் நிறக்குறைபாடு உள்ளவரும் தவறவிடுவார். அதற்காக சட்டையின் நிறம், சுவரில் உள்ள படம் என எல்லாவற்றையும் வர்ணிக்க வேண்டாம். பார்வையாளர் அடுத்து செய்யவேண்டிய காரியத்துக்கு எது தேவையோ, அதைச் சொன்னால் போதும்.

ஏற்கனவே எடுத்து முடித்த வீடியோ என்றால், பேச்சின் இடைவெளிகளில் விவரணையைச் சேர்க்கலாம். இடைவெளியே இல்லாதபோது, படத்தை நிறுத்தி விவரிக்கும் தனிப் பதிப்பு ஒன்று தேவைப்படும்.

ஆட்டோ கேப்ஷன் போதுமா?

போதாது. தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் அது அதிகம் சறுக்குவது பெயர்களிலும் எண்களிலும்தான். 'பதினைந்து' 'ஐந்து' ஆகிவிட்டால் கெடு தேதியே மாறிப்போகும். அதை முதல் வரைவாக எடுத்துக்கொண்டு, நீங்களே திருத்தி .srt கோப்பாகச் சேமியுங்கள்:

```
1
00:00:04,000 --> 00:00:07,500
மெனுவில் 'வரி' என்ற பட்டனை
க்ளிக் பண்ணுங்க.

2
00:00:07,500 --> 00:00:10,000
[பிழை ஒலி]
```

ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இடம் முடிந்த இடத்தில் வெட்டாமல், பொருள் முடியும் இடத்தில் வரியை உடையுங்கள். பேச்சு மட்டுமல்ல, அர்த்தமுள்ள ஒலியும் கேப்ஷனில் வரவேண்டும். கோப்பை UTF-8 குறியாக்கத்தில் சேமிக்காவிட்டால் தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரியலாம். எழுத்தைப் படத்திலேயே பதித்தால் இன்னொரு சிக்கல்: சில எடிட்டிங் மென்பொருள்களில் 'கொ' என்பதன் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். தனிக் கோப்பாகக் கொடுத்தால் பார்ப்பவரே எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளவும் பல பிளேயர்களில் வழி உண்டு.

காவி மேல் வெள்ளை எடுபடுமா?

டபிள்யூ.சி.ஏ.ஜி. எனும் சர்வதேச வழிகாட்டுதலின்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் வேண்டும். பெரிய எழுத்துக்கு 3:1 போதும் என்றாலும், வீடியோவை போனில் பார்ப்பவர்களே அதிகம் என்பதால் அந்தச் சலுகையை நம்ப வேண்டாம். `#FF9933` காவி நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் கிடைப்பது சுமார் 2.1:1தான். அதே காவி மேல் கறுப்பு வைத்தால் 9.9:1 வரை போகும். பிராண்ட் நிறத்தை மாற்ற டிசைன் டீம் சம்மதிக்காதா? எழுத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பட்டை போட்டு, அதன்மேல் வெள்ளையில் எழுதுங்கள். படம் நகரும் வீடியோக்களில் இந்தப் பட்டை எப்படியும் தேவைப்படும். இருட்டான காட்சியில் பளிச்சென்று தெரிந்த எழுத்து, அடுத்த காட்சியில் வெள்ளைச் சுவர் வந்ததும் காணாமல் போய்விடும்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42-வது பிரிவில் மின்னணு ஊடகங்களுக்கு ஒலி விவரணை, சைகை மொழி, கேப்ஷன் ஆகியவற்றைச் சொல்கிறது. 2023 ஜனவரியில் 'பதான்' படத்தின் ஓடிடி வெளியீட்டுக்கு ஒலி விவரணையும் கேப்ஷனும் தயாரிக்க டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

வெளியிடும் முன் வீடியோவை மூன்று முறை ஓட்டுங்கள்: திரையைப் பார்க்காமல் ஒருமுறை, ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை, போனை வெயிலில் பிடித்து ஒருமுறை. ஒவ்வொரு முறையும் 'கடைசித் தேதி என்ன?' என்ற கேள்விக்கு விடை கிடைக்க வேண்டும். முடிந்தால் முதல் சோதனையை ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் சக ஊழியரிடம் கொடுங்கள். நீங்கள் கண்ணை மூடினாலும், போர்ட்டல் எப்படி இருக்கும் என்பது உங்கள் நினைவில் இருக்கும். அவருக்கு அது கிடையாது.