பார்வைப் பாதையின் வரைபடம்: போர்க்காயங்கள் தந்த சான்று

வேதியியல் அறிஞர் வில்லியம் வொல்லஸ்டன் ஒருநாள் ஒரு கதவின் மேல் எழுதியிருந்த ‘ஜான்சன்’ என்ற பெயரை வாசிக்க முயன்றார். கண்ணில் பட்டது ‘சன்’ என்ற பின்பாதி மட்டுமே. ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தபோதும் இடப்பாதியே மறைந்தது. சற்று நேரத்தில் பார்வை திரும்பிவிட்டது. ஆண்டுகள் கழித்து இன்னொரு முறையும் இப்படி நேர, 1824இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை எழுதினார். இரு கண்களிலும் ஒரே பக்கம் மறைய வேண்டுமானால், ஒவ்வொரு கண்ணின் நரம்பிழைகளிலும் ஒரு பகுதி எதிர்ப்பக்கம் கடந்து, மற்றொரு பகுதி தன் பக்கமே நின்றாக வேண்டும் என்பது அவர் வாதம். நியூட்டன் 1704இலேயே இப்படி ஊகித்திருந்தார். வொல்லஸ்டனிடம் இருந்தது சொந்த அனுபவம்.

அந்த ஊகம் சரிதான். விழித்திரையின் மூக்குப் பக்க இழைகள் பார்வை நரம்புச் சந்திப்பில் எதிர்ப்பக்கம் கடக்கின்றன; பொட்டுப் பக்க இழைகள் கடப்பதில்லை. ஆகவே சந்திப்புக்கு முன்னால் நரம்பு பழுதானால் ஒரு கண் மட்டும் பாதிக்கப்படும். சந்திப்பின் நடுவைப் பிட்யூட்டரிக் கட்டி அழுத்தினால் கடக்கும் இழைகள் நசுங்கி, இரு கண்களிலும் வெளிப்பக்கப் புலம் போகும். சந்திப்பைத் தாண்டிய பின் எங்கு பழுது நேர்ந்தாலும் இரு கண்களிலும் எதிர்ப்பக்கமே மறையும். இந்த நோயாளிகள் பலர் “இடது கண் தெரியவில்லை” என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு கண்ணையும் மூடிச் சோதிக்காத மருத்துவர் இங்கே ஏமாந்துபோவார்.

தலாமஸுக்கு அப்பால் இழைகள் விசிறிபோல் விரிந்து பிடரிமடலுக்குச் செல்கின்றன. கீழ் இழைகள் பொட்டுமடலுக்குள் வளைந்து செல்வதால், அங்கே பழுதானால் எதிர்ப்பக்க மேல் கால்பகுதி மறையும். மேலே செல்பவை பழுதானால் கீழ் கால்பகுதி. இவ்வளவும் ஓரளவு தெளிவான பின்னும், பிடரியின் புறணியில் எந்தப் புள்ளி புலத்தின் எந்த இடத்துக்கு உரியது என்பது தெரியவில்லை. சுவீடனின் சாலமன் ஹென்ஷன் கல்கரைன் பிளவுதான் பார்வையின் இடம் என்று சரியாகக் கண்டார். ஆனால் மையப் பார்வையைப் பிளவின் முன்முனையில் வைத்துவிட்டார்.

அந்த வரைபடத்தைத் திருத்தியது ரஷ்ய-ஜப்பானியப் போர் (1904-05). ரஷ்யத் துப்பாக்கியின் 7.62 மி.மீ. குண்டு வேகம் மிக்கது, சிறியது. மண்டையோட்டைச் சிதறடிக்காமல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். அதனால் தலையில் சுடப்பட்ட ஜப்பானிய வீரர்கள் பலர் பிழைத்தார்கள். ஓய்வூதியத்துக்காக அவர்களின் பார்வை இழப்பை மதிப்பிடும் வேலை இளம் கண் மருத்துவர் தத்சுஜி இனோயேவிடம் வந்தது. நுழைந்த துளையையும் வெளியேறிய துளையையும் அளக்க ஒரு கருவி செய்து, இரண்டையும் நேர்கோட்டால் இணைத்து, குண்டு மூளையில் எவ்வழி சென்றது என்று கணித்தார். அதைப் பார்வைப்புலப் படத்தோடு ஒப்பிட்டு, 1909இல் ஜெர்மன் மொழியில் நூலாக வெளியிட்டார். மையப் பார்வை பின்முனையில், ஓரப் பார்வை முன்னால். மையத்துக்கு அளவுக்கு மிஞ்சிய இடம். குண்டு நேராகவே சென்றது என்பது அவர் எடுத்துக்கொண்ட அனுமானம். முறையின் பலவீனம் அதுதான்.

முதல் உலகப்போரில் கோர்டன் ஹோம்ஸும் வில்லியம் லிஸ்டரும் பிரிட்டிஷ் வீரர்களிடம் இதே கேள்வியைத் தொடர்ந்தனர். 1916இல் கட்டுரை வந்தது. வலப்பக்கப் பிடரியின் மேற்பகுதியில் காயம்பட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். கல்கரைன் பிளவின் மேல்கரை அழிந்திருக்கும்; அது கீழ்ப்புலத்துக்கு உரியது. அவருக்கு இரு கண்களிலும் இடப்பக்கக் கீழ் கால்பகுதி தெரியாது. இரு கண்களின் புலப்படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மறைந்த இடங்கள் அச்சாகப் பொருந்தும். பழுது முன்னால், சந்திப்பை ஒட்டி இருந்தால் அவை பெரும்பாலும் பொருந்தா. முனையில் மட்டும் சிறு சில்லு தைத்திருந்தால், மையத்தருகே ஒரு சிறு குருட்டுப்புள்ளி, அதுவும் இரு கண்களிலும். இரத்தக்குழாய் அடைப்பில் இதற்கு மாறாக மையம் தப்பிவிடுவது உண்டு.

ஹோம்ஸின் நோயாளிகளில் கீழ்ப்புல இழப்பே மிகுதி. அதைக் கொண்டு மூளையின் மேற்பகுதிதான் எளிதில் காயப்படுகிறது என்று முடிவுகட்டக் கூடாது. பிடரியின் கீழே காயம்பட்டவர்களுக்குச் சிறுமூளையும் பெரிய சிரைக் குழாய்களும் சிதைந்து, பலர் மருத்துவரிடம் வருவதற்குள் இறந்துவிட்டார்கள். பிழைத்தவர்களை மட்டும் வைத்து வரையப்படும் எந்தப் படத்திலும் இந்தச் சாய்வு உண்டு.

ஹோம்ஸின் படம் பாடநூல்களில் நிலைத்தது. 1991இல் ஹோர்டனும் ஹோய்ட்டும் எம்.ஆர்.ஐ. படங்களோடு புலப்படங்களை ஒப்பிட்டபோது, மையப் பார்வைக்கு ஹோம்ஸ் தந்த இடம் மிகக் குறைவு என்று தெரிந்தது. மையத்து 10 பாகைக்குள்ளான பார்வையே அந்தப் புறணியில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பை எடுத்துக்கொள்கிறது. இனோயேவின் படம் ஹோம்ஸுக்கு ஏழு ஆண்டு முந்தியது. அவர் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல்தான் வந்தது.