முதல் பக்கத்தில் எது முதலில்? காலை செய்திக் கூட்டத்தில் வரிசை எப்படி முடிவாகிறது?

காலையில் போனைத் திறக்கிறீர்கள். முதலில் ஒரு செய்தி பெரிதாக நிற்கிறது, அதற்குக் கீழே நான்கைந்து. இந்த வரிசையை யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். எதை வைத்து முடிவு செய்கிறார்?

பொதுவாக விளக்குவதைவிட, ஒரு உண்மையான நாளை எடுத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். 2016 செப்டம்பர் 13, செவ்வாய்க்கிழமை, பெங்களூரு. முந்தைய நாள் காவிரிப் பிரச்னையில் நகரம் பற்றி எரிந்தது. அன்று காலை ஆசிரியர் நாற்காலியில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வாசகர் நீலசந்திராவில் வாடகைக்கு இருக்கும் ஒரு தமிழ் இளைஞர். விவேக்நகருக்கும் ஈஜிபுராவுக்கும் பக்கத்தில், தமிழர்களும் முஸ்லிம்களும் நெருக்கமாக வாழும் பகுதி அது. அன்று பக்ரீத் வேறு.

கூட்டத்தில் என்ன நடக்கும்?

அச்சு நாளிதழில் ஒரு நாளைக்கு இரண்டு கூட்டம் நடப்பது வழக்கம். காலைக் கூட்டத்தில் அன்றைய நாளுக்குத் திட்டம் போடுவார்கள். முதல் பக்கம் முடிவாவது மாலைக் கூட்டத்தில்தான். வெளியூர்களுக்குப் போகும் டாக் எடிஷன் இரவில் சீக்கிரமே முடிந்துவிடும், நகரப் பதிப்பு நள்ளிரவு வரை காத்திருக்கும்.

இணையத்தில் காலைக் கூட்டமே முக்கியம். 'நியூயார்க் டைம்ஸ்' கூட, அச்சின் முதல் பக்கத்துக்காகச் செய்திகளை முன்வைத்து வாதாடும் தன் பழைய முறையை 2015-ல்தான் மாற்றியது.

கூட்டத்துக்கு ஒவ்வொரு பிரிவும் ஒரு நியூஸ் லிஸ்ட் கொண்டுவரும். ஒரு செய்திக்கு இரண்டு வரி போதும்: என்ன நடந்தது, யார் உறுதி செய்தது, அடுத்து எப்போது புதிதாக ஏதாவது வரும். அந்தப் பட்டியலிலிருந்து லீட், செகண்ட் லீட், பக்கத்தின் அடியில் தனியாக நிற்கும் ஆங்கர் ஆகியவற்றை ஆசிரியர் தேர்ந்தெடுப்பார்.

அன்று மேசையில் என்னென்ன இருந்தன?

செப்டம்பர் 5-ம் தேதி, தமிழ்நாட்டுக்கு விநாடிக்கு 15,000 கன அடி வீதம் 10 நாட்கள் தண்ணீர் விடும்படி கர்நாடகத்துக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. 12-ம் தேதி நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, யு.யு.லலித் அமர்வு அதை 12,000 கன அடியாக மாற்றி, 20-ம் தேதி வரை விடச் சொன்னது. அன்று பிற்பகலில் பெங்களூருவில் வன்முறை பரவியது.

ஆக, 13-ம் தேதி காலை உங்கள் பட்டியல் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

- ஹெக்கனஹள்ளியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு, ஒருவர் பலி
- 16 போலீஸ் நிலைய எல்லைகளில் ஊரடங்கு, நகரம் முழுக்க 144 தடை உத்தரவு
- கே.பி.என். நிறுவனத்தின் 40-க்கும் மேற்பட்ட பேருந்துகள் எரிப்பு
- உச்ச நீதிமன்றத்தின் மாற்று உத்தரவு
- சென்னையில் நியூ உட்லண்ட்ஸ் ஹோட்டல் மீது பெட்ரோல் குண்டு வீச்சு. தமிழ்நாட்டில் கர்நாடக வாகனங்கள் மீது தாக்குதல்
- ரியோ பாராலிம்பிக்கில் குண்டு எறிதலில் தீபா மாலிக் வெள்ளி
- ஆகஸ்ட் மாத சில்லறை பணவீக்கம் 5.05%

எல்லாமே செய்திதான். ஆனால் முதலிடம் ஒன்றுதான்.

ஆசிரியர் கேட்கும் மூன்று கேள்விகள்

எது செய்தியாகிறது என்பதை கால்டுங், ரூகே என்ற இரண்டு நார்வே ஆய்வாளர்கள் 1965-லேயே 12 அம்சங்களாகப் பட்டியலிட்டார்கள். கூட்டத்தில் யாரும் 12 அம்சங்களை டிக் அடிப்பதில்லை. நடைமுறையில் மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: வாசகர் இரவு தூங்கப்போனபோது தெரியாத விஷயம் இதில் என்ன இருக்கிறது? பேருந்துகள் எரிந்ததை அவர் நேற்று மாலையே டிவியில் பத்து தடவை பார்த்துவிட்டார். அந்தப் படம் எவ்வளவு அதிர்ச்சியாக இருந்தாலும் காலையில் அது பழைய செய்தி. எந்தெந்தப் பகுதிகளில் ஊரடங்கு என்பது அவருக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

இரண்டாவது கேள்வி: இதைப் படித்தால் இன்று அவர் செய்யப்போவது ஏதாவது மாறுமா? ஊரடங்கு அறிவித்த 16 நிலையங்களும் ராஜகோபாலநகர், காமாட்சிபாளையா, விஜயநகர், பீன்யா, கெங்கேரி என்று நகரின் மேற்குப் பக்கத்திலேயே இருந்தன. நீலசந்திரா இருப்பது அந்தப் பட்டியலுக்கு வெளியே, நகரின் மத்தியப் பகுதியை ஒட்டி. 'பெங்களூருவில் ஊரடங்கு' என்று மட்டும் தலைப்பு போட்டால் நம்ம வாசகர் வீட்டுக்குள்ளேயே பயந்து உட்கார்ந்திருப்பார், ஊரில் அம்மா அழுவார். 16 பெயர்களையும் போட்டு, மற்ற இடங்களில் 144 மட்டும்தான், அதாவது கூட்டம் கூடத்தான் தடை என்று சொன்னால், பக்ரீத் தொழுகைக்குப் போகலாமா, அலுவலகத்துக்கு லீவ் சொல்ல வேண்டுமா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

மூன்றாவது கேள்வி: யார் சொன்னது? சாவு எண்ணிக்கைக்குப் போலீஸோ மருத்துவமனையோ பெயரோடு பொறுப்பேற்க வேண்டும். 'பலர் பலி எனத் தகவல்' என்று வாட்ஸ்அப்பில் வருவது, எத்தனை பேர் அனுப்பினாலும், பட்டியலிலேயே ஏறக்கூடாது.

அப்போ லீட் எது?

மேசையில் சண்டை இங்கேதான் வரும். உயிர் போயிருக்கிறது, அதை விடவா ஊரடங்குப் பட்டியல் பெரிது என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. இரண்டையும் தனித்தனியாகப் போட்டி போட விடாமல் ஒரே செய்தியாக்குவதுதான் சரியான வழி. தலைப்பு இப்படிப் போகலாம்: 'பெங்களூரு: துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் பலி, 16 போலீஸ் நிலைய எல்லைகளில் ஊரடங்கு'. முதல் பத்தியில் சாவு, இரண்டாவது பத்தியிலேயே 16 பெயர்கள்.

செகண்ட் லீட் நீதிமன்ற உத்தரவு. அது ஏன் முக்கியம் என்பதைத் தலைப்பே சொல்ல வேண்டும். '15,000-லிருந்து 12,000 ஆகக் குறைப்பு' என்று போட்டால் எண்கள் சரி, ஆனால் அர்த்தம் தப்பு. 6-ம் தேதியிலிருந்து எண்ணிப் பாருங்கள். பழைய உத்தரவுப்படி 10 நாட்களுக்கு மொத்தம் ஏறக்குறைய 13 டி.எம்.சி. புதிய உத்தரவுப்படி முதல் 7 நாள் 15,000, பிறகு 8 நாள் 12,000, மொத்தம் ஏறக்குறைய 17 டி.எம்.சி. தினசரி அளவு குறைந்தது, மொத்தத் தண்ணீர் கூடியது. 'குறைப்பு' என்ற ஒரு சொல்லை மட்டும் படித்த வாசகருக்கு, சலுகை கிடைத்த ஊரில் ஏன் கலவரம் என்றே புரியாது. 'தினசரி அளவு குறைந்தது, நாட்கள் கூடின' என்பதுதான் தலைப்பு.

மூன்றாவது இடம்தான் கடினம்

தமிழ்நாட்டில் கர்நாடகக்காரர்கள் மீது நடந்த தாக்குதலை ஒரு தமிழ்ப் பதிப்பு எங்கே வைக்கும்? கீழே தள்ளிவிட்டால் உங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் அந்த நாட்களின் வரிசையைப் பாருங்கள். பெங்களூருவில் ஒரு தமிழ் மாணவர் ஃபேஸ்புக் பதிவுக்காக அடிக்கப்பட்ட வீடியோ பரவியது. 12-ம் தேதி அதிகாலை சென்னையில் ஹோட்டல் தாக்கப்பட்டது. அந்தச் செய்தி கன்னட சேனல்களில் ஓடியது. பிற்பகலில் பெங்களூரு எரிந்தது. இரண்டு பக்கமும் மற்றவன் செய்ததை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அதனால் சென்னை, ராமேஸ்வரம் செய்திக்கு மூன்றாவது இடம், மேலே உள்ளவற்றுக்குக் கொடுத்த அதே எழுத்தளவு. பாதியைப் படித்த வாசகர் அந்தப் பாதியோடுதான் வேலைக்குப் போவார், பக்கத்து சீட்டில் கன்னட நண்பர் உட்கார்ந்திருப்பார்.

படமும் இங்கேயே முடிவாக வேண்டும். மாணவர் அடிவாங்கும் வீடியோவை மறுபடி ஓட விடுவதால் புதிதாக எதுவும் தெரியவராது. எரியும் பேருந்தைவிட, எரிந்து முடிந்த பேருந்துகளின் வரிசை இழப்பைச் சரியாகக் காட்டும், ஆத்திரத்தைக் கிளறாது. பதற்றமான நேரங்களில் தலைப்பு தூண்டிவிடுவதாக இருக்கக்கூடாது என்று இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நடத்தை நெறிகளும் சொல்கின்றன.

மீதி செய்திகள்?

தீபா மாலிக்குக்கு ஆங்கர். பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். கலவர நாள் என்பதற்காக அதைத் தூக்கிவிட்டால், இன்னொரு நாள் அதற்கு இந்த மதிப்பு இருக்காது. பணவீக்கம் சாதாரண நாளில் இளம் வாசகர்களுக்கு நல்ல செகண்ட் லீட், இன்று அது வணிகப் பக்கத்தில் காத்திருக்கலாம். பேருந்து எரிப்பு லீடுக்குள்ளேயே ஒரு பகுதியாகும்.

கடைசியாக, நோட்டிஃபிகேஷன். ஊரடங்குப் பட்டியலுக்கு மட்டும் ஒன்று அனுப்பினால் போதும். ஏழு செய்திக்கும் ஏழு அலர்ட் அனுப்பினால் அந்த ஒன்றையும் யாரும் திறக்க மாட்டார்கள்.

வரிசை எங்கே கெடுகிறது?

பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, கிளிக் எண்ணிக்கை. காலை 9 மணிக்கு அதிகம் படிக்கப்படுவது பேருந்து எரியும் வீடியோவாக இருக்கும், அதைப் பார்த்து மேலே தூக்கினால் இன்னும் அதிகம் படிக்கப்படும். அந்தச் சுற்றை ஆசிரியர்தான் நிறுத்த வேண்டும். இன்னொன்று, மறதி. காலை 9 மணிக்குச் சரியாக இருந்த லீட், ஊரடங்கு விலக்கப்பட்ட நிமிடமே தப்பாகிவிடும். 14-ம் தேதி ஊரடங்கு விலக்கப்பட்டது. அதன் பிறகும் பழைய தலைப்பை மேலேயே விட்டுவைத்த தளம், திறந்திருக்கும் சாலையை மூடியிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும். அதனால்தான், ஒவ்வொரு லீடுக்கும் யார் எத்தனை மணிக்குத் திரும்பிப் பார்ப்பார் என்று காலைக் கூட்டத்திலேயே பெயர் குறித்துவிடுவார்கள்.

நீங்கள் படிக்கும் தளத்திலும் இதைச் சோதிக்கலாம். அடுத்த முறை உங்கள் ஊரில் பதற்றம் என்றால் முதல் செய்தியைத் திறந்து மூன்று விஷயம் தேடுங்கள்: கடைசியாகத் திருத்திய நேரம், எண்ணுக்குப் பொறுப்பேற்ற ஆள், உங்கள் தெருவுக்கு இது பொருந்துமா என்ற பதில். மூன்றும் இல்லையென்றால், அந்தச் செய்தி மேலே நிற்பதற்குக் காரணம் வேறு எதுவோ.