முன்னெழுத்தும் அகரவரிசையும்

1897-இல் புணேயில் ஆங்கிலேய அதிகாரி ராண்ட் கொல்லப்பட்ட நிகழ்வோடு பிணைந்த சாபேகர் சகோதரர்கள் சிஞ்ச்வட் ஊரினர். தாமோதர் ஹரி சாபேகர், பாலகிருஷ்ண ஹரி சாபேகர், வாசுதேவ் ஹரி சாபேகர் என்பன அவர்தம் பெயர்கள். நடுவில் நிற்கும் ஹரி, தந்தையின் பெயர்; இறுதியில் வருவது குடும்பப்பெயர். மராத்தியப் பதிவேடு குடும்பப்பெயரை முன்னே கொண்டுவந்து எழுதும். ஆதலால் மூவரும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து நிற்பர்.

அத்தகைய பதிவேட்டில் க. முருகன் என்ற தமிழர் ஒருவரைச் சேர்ப்பதாகக் கொள்வோம். குடும்பப்பெயருக்கான கட்டத்தை நிரப்பியாக வேண்டும். முன்னெழுத்தை விரித்துக் 'கந்தசாமி' என்று அதில் எழுதுவர். அவருடைய மகன் மு. செல்வனோ 'முருகன்' என்பதன் கீழ் அமைவான். பின்னாளில் முருகனைத் தேடுபவருக்கு மகன் கிடைப்பான், தந்தை கிடைக்கமாட்டார்.

எழுதியபடியே முன்னெழுத்தைக் கொண்டு அடுக்கினாலும் தீர்வில்லை. ஆங்கிலப் பட்டியலில் இராமன், இராஜகோபாலாச்சாரி, அண்ணாதுரை ஆகிய மூவரும் 'C' என்ற எழுத்தில் குவிவர். அவ்வெழுத்து முதலாமவருக்குத் தந்தை சந்திரசேகரர். இரண்டாமவருக்குச் 'சக்கரவர்த்தி' என்னும் குடும்ப அடைமொழி. மூன்றாமவருக்குக் காஞ்சிபுரம் என்ற ஊர். தமிழில் அடுக்கினால் சி. வி. இராமன் சகரத்திலும் கா. ந. அண்ணாதுரை ககரத்திலும் பிரிந்துபோவர். அண்ணாதுரையையே 'சி. என்.' என்று எழுதிவிட்டால் அவர் மீண்டும் சகரத்துக்குத் திரும்பிவிடுவார்!

இச்சிக்கலை விதியாக வகுத்துத் தீர்த்தவருள் முதன்மையானவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன். 1934-இல் வெளிவந்த அவரது நூற்பட்டியல் விதிநூல், பெயரின் எப்பகுதி ஆளைக் குறிக்கிறது என்று கேட்டது. தென்னிந்தியப் பெயரில் அது பெரும்பாலும் இறுதிச் சொல். அதனை முன்னே எழுதி, ஊரையும் தந்தையையும் அடைப்புக்குறிக்குள் பின்னே தள்ள வேண்டும். அவ்வகையில் அவர் 'அரங்கநாதன் (சீர்காழி இராமாமிருத)' ஆனார். சீர்காழி என்ற ஊரின் பெயரால் அவரைத் தேடுவோர் அரிதன்றோ?

இறுதிச் சொல்லைக் கண்மூடிப் பற்றுவதும் ஆகாது. சே. சங்கரன் நாயரை அவ்வாறு அடுக்கினால் நாயர்கள் அனைவரும் ஓரிடத்தில் திரள்வர், சங்கரன் மறைந்துபோவார். ஆதலின் சாதிப்பின்னொட்டு, இயற்பெயரை விட்டுப் பிரியாது 'சங்கரன் நாயர்' என்றே முன்னே நிற்கும்.

எந்த விதியும் பெயரின் உள்ளமைப்பை அறிந்தே இயங்க வேண்டியிருக்கிறது. சி. வி. இராமனின் 'வி' எவருடைய பெயரும் அன்று. வேங்கடராமன் என்ற இயற்பெயரே இரண்டாக உடைந்து, முற்பாதி முன்னெழுத்தாகிவிட்டது. உலகப் பட்டியல்கள் அனைத்தும் அவரை எஞ்சிய பாதியில், 'இராமன்' என்றே வைத்திருக்கின்றன.