கஹ்ருபா: பெயரே சோதனையாய் இருந்த மணி

தஸ்பீஹ் மணிகளுள் உயர்ந்தவையாக மதிக்கப்படுவனவற்றில் கஹ்ருபாவும் ஒன்று. தேன் நிறத்திலும், மோர் கலந்தாற்போன்ற மங்கிய மஞ்சளிலும் காணப்படும் இம்மணி, கல்லைப் போலன்றிக் கைக்கு இலேசாகவும் இளஞ்சூடாகவும் இருக்கும். இதன் பெயர் பாரசீக மொழியிலிருந்து வந்தது. 'காஹ்' என்பது வைக்கோல். 'ருபா' என்பது கவர்ந்து செல்வது. துணியில் தேய்த்துக் காட்டினால் துரும்பைத் தன்பால் இழுத்துக்கொள்வதனால் இது 'வைக்கோல் கவரி' ஆயிற்று. இதே குணத்தைக் கண்ட கிரேக்கர் இதற்கு இட்ட பெயரிலிருந்து ஐரோப்பியர் மின்சாரத்துக்குப் பெயர் கண்டனர். அரபு மொழியோ கஹ்ருபாவின் பெயரையே மின்சாரத்துக்கு வழங்கி, 'கஹ்ரபா' என்கிறது.

நம்மவர் அத்தராக அறிந்த அம்பர் வேறு, கஹ்ருபா வேறு. அத்தருக்குரிய அம்பர், எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் விளையும் நறுமணப் பொருள். கஹ்ருபாவோ பழங்கால மரங்கள் வடித்த பிசின், மண்ணுக்குள் புதைந்து, ஏறக்குறைய 4 கோடி ஆண்டுகளில் இறுகிய பொருள். 'அன்பர்' என்ற அரபுச் சொல்லை ஐரோப்பிய மொழிகள் இரண்டுக்குமே வழங்கியமையால் இன்றளவும் பெயர்க் குழப்பம் நீடிக்கிறது.

முஸ்லிம் உலகம் இதனைப் பெற்ற வழி நெடியது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் புவியியலாளர் அல்-முகத்தஸீ, வோல்கா ஆற்றங்கரையிலிருந்த புல்காரிலிருந்து குவாரஸ்முக்கு வரும் பொருள்களைப் பட்டியலிடுகையில், மென்மயிர்த் தோல்களுடனும் தேன், மெழுகு ஆகியவற்றுடனும் கஹ்ருபாவையும் குறிப்பிடுகிறார். பால்டிக் கடற்கரையில் அலை ஒதுக்கிய பிசின், இவ்வழியே கிழக்கே வந்தது. அதற்கு மாறாக வடக்கே சென்ற திர்ஹம் வெள்ளி நாணயங்கள் இன்றும் ஸ்வீடனின் கோட்லாந்துத் தீவில் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. 1048இல் மறைந்த பேரறிஞர் அல்-பிரூனீ, மணிகளைப் பற்றித் தாம் எழுதிய 'அல்-ஜமாஹிர்' நூலில் கஹ்ருபாவுக்கும் ஓர் இடம் அளித்தார்.

துரும்பை இழுத்தால் கஹ்ருபா, இழுக்காவிட்டால் கண்ணாடியோ கல்லோ என்று அக்காலத்தவர் ஓரளவு தெளியலாம். பெயரே சோதனையாக அமைந்த காலம் அது. பின்னர் வந்த இரு பொருள்கள் அச்சோதனையைப் பயனற்றதாக்கிவிட்டன.

முதலாவது கோபல். இதுவும் மரப்பிசினே, ஆனால் இளையது. சில நூறு ஆண்டுகளோ, மிஞ்சினால் சில ஆயிரம் ஆண்டுகளோ மண்ணில் கிடந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஓமான் சுல்தான்களின் ஆட்சியிலிருந்த சன்சிபார் துறைமுகம், எதிர்க்கரை ஆப்பிரிக்க மணலில் தோண்டி எடுக்கப்பட்ட கோபலைப் பம்பாய்க்கும் அமெரிக்காவுக்கும் வார்னிஷ் தயாரிக்க அனுப்பியது. சுவாஹிலி மக்கள் அதை 'சந்தருசி' என்பர். அரபு 'சந்தரூஸ்' என்பதன் திரிபு அது. கஹ்ருபாவும் கோபலும் ஒரே குலத்தவை. ஒன்று முதிர்ந்தது, மற்றது முதிராதது என்பதே வேறுபாடு. ஆகவே நிறத்திலும் எடையிலும் ஒத்திருக்கும் கோபலும் தேய்த்தால் துரும்பை இழுக்கும். உள்ளே சிக்கிய பூச்சியும் சான்றாகாது. கோபலிலும் பூச்சிகள் ஏராளம்.

இரண்டாவது பிளாஸ்டிக். 1907இல் லியோ பேக்லாண்ட் கண்டறிந்த பேக்லைட்டும் அதன் இனத்தைச் சேர்ந்த வார்ப்புப் பிசின்களும் மத்தியக் கிழக்கின் தஸ்பீஹ் பட்டறைகளை விரைவில் எட்டின. செர்ரிப் பழச் சிவப்பில் 'ஃபாதுரான்' என்ற பெயருடன் விற்கப்படும் பழைய மணிகள் பலவும் இவ்வகையினவே. அவற்றுக்கென்று தனி மதிப்பும் சந்தையும் உண்டு. கஹ்ருபா என்று சொல்லி விற்கப்படும்போதே அது மோசடியாகிறது. பிளாஸ்டிக்கும் துரும்பை இழுக்கும் என்பதைச் சீப்பைத் தலையில் தேய்த்துப் பார்த்த சிறுவரும் அறிவர்.

எனவே வீட்டில் செய்யத்தக்க வேறு இரு சோதனைகளை நாம் நாடவேண்டும். முன்னோர் வைத்துச் சென்ற 33 மணித் தஸ்பீஹ் ஒன்று நம் கையில் இருப்பதாகக் கொள்வோம். கோத்த நிலையில் சோதித்தல் பயனற்றது; நூலும் உலோகக் குஞ்சமும் எடையைத் திரித்துவிடும். ஒரு மணியைக் கழற்றி எடுக்கவேண்டும்.

முதலில் உப்புநீர். 200 மில்லி தண்ணீரில் 50 கிராம் சமையல் உப்பை முற்றிலும் கரைத்தால், அந்நீர் வெறும் தண்ணீரைவிட ஏறக்குறைய 15 சதவீதம் கனமாகும். கஹ்ருபா தண்ணீரைவிட 5 முதல் 10 சதவீதமே கனமானதாதலால் இதில் மிதக்கும். பேக்லைட் இனம் 25 சதவீதத்துக்கும் மேல் கனமாதலால் மூழ்கும். உப்பைக் கூட்டுவது நன்மையன்று. கரையும் மட்டும் உப்பிட்டால் நீர் 20 சதவீதம் வரை கனமாகி, 18 சதவீதம் கனமான அக்ரிலிக் பிளாஸ்டிக்கையும் மிதக்கவிடும். துளையில் காற்றுக் குமிழி தங்கினாலும் மணி பொய்யாக மிதக்கும். நீருக்குள் அசைத்துக் குமிழியை வெளியேற்றுவது அவசியம். பின்னர் நல்ல நீரில் அலசித் துடைக்கவேண்டும்.

மணி மூழ்கினால் ஐயம் தீர்ந்தது. அது தனிக் கஹ்ருபா அன்று. மிதந்தாலோ, கஹ்ருபாவாகலாம், கோபலாகலாம், பாலிஸ்டைரீன் என்ற இலேசான பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம்.

மிதந்த மணிக்கே இரண்டாம் சோதனை. அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் ஒரு சொட்டை, துளையின் விளிம்பில் கண்ணுக்குப் படாத இடத்தில் வைத்து, அரை நிமிடம் கழித்து விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். காற்றோட்டமான இடத்தில், அருகே நெருப்பின்றிச் செய்யவேண்டும். கோபல் பிசுபிசுத்து விரல் ரேகையை ஏற்கும், பாலிஸ்டைரீனும் இளகும். கஹ்ருபா மாறாது. மேலே வார்னிஷ் பூசியிருந்தால் நல்ல மணியும் ஒட்டக்கூடும் என்பதால், பூச்சற்ற இடத்தைத் தேர்ந்துகொள்ளவேண்டும். இச்சோதனையை மட்டும் செய்து நிறைவடைவதும் தவறு. பேக்லைட்டும் அசிட்டோனுக்கு இளகாது. முதற்சோதனை பேக்லைட்டை விலக்கிய பின்னரே இரண்டாவதற்குப் பொருள் உண்டு.

பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்தி மணத்தை அறியும் வழக்கம் கடைத்தெருவில் உண்டு. கஹ்ருபா தேவதாரு போன்ற பிசின் மணத்தையும், பேக்லைட் கார்பாலிக் நெடியையும் தரும் என்பது உண்மையே. ஆயினும் கோபலும் பிசின் மணமே தரும். ஊசித் தழும்பு நீங்காது. செல்லுலாய்டு மணியாயின் தீப்பற்றும். இதனை நாம் பரிந்துரைப்பதற்கில்லை.

இரு சோதனைகளிலும் தேறிய மணி, மெய்யான கஹ்ருபா என்று நிரூபிக்கப்பட்டதாகுமா? ஆகாது. 1880களிலிருந்து கஹ்ருபாத் துணுக்குகளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கி மணி செய்கின்றனர். அப்பொருள் கஹ்ருபாவே, ஆனால் முழுத் துண்டில் கடைந்த மணியின் மதிப்பு அதற்கில்லை. அழுத்தக் கலத்தில் சூடேற்றிக் கடினமாக்கிய கோபலும் அசிட்டோனை ஓரளவு தாங்கும். இவ்விடத்தில் வீட்டுச் சோதனையின் எல்லை முடிகிறது. 1960களில் கர்ட் பெக் என்ற வேதியியலாளர், பால்டிக் கஹ்ருபாவை அதன் அகச்சிவப்பு நிறமாலையில் காணும் தனி அடையாளத்தால் பிரித்தறிந்து காட்டினார். கோபலையும் பிளாஸ்டிக்கையும் இம்முறை வெளிப்படுத்தும். அழுத்திச் செய்த மணியை அறிய, நுண்ணோக்கியில் துணுக்குகளின் எல்லைக் கோடுகளைத் தேடவேண்டும். மணி ஆய்வுக் கூடங்கள் இவ்விரண்டையும் செய்கின்றன.

ஆக, வீட்டுச் சோதனைகள் 'இது அன்று' என்று உறுதியாகச் சொல்லும். 'இதுவே' என்று சொல்லமாட்டா. தஸ்பீஹை வைத்து ஓதுபவருக்கு அவ்வளவே போதும். பாகப்பிரிவினையில் விலை மதிப்பவருக்கும், பிறருக்கு விற்பவருக்கும் அது போதாது. 'உப்புநீரில் மிதந்தது, அசிட்டோனில் இளகவில்லை, ஆய்வுக்கூடம் பார்க்கவில்லை' என்று அறிந்த அளவைச் சொல்லி விலை பேசுவதே வாங்குவோருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன்.